விரல் நின்ற வரி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடைக் கண்ணாடியில் சிங்களத்தில் ஒன்றும் தமிழில் வேறொன்றும் ஒட்டியிருந்தால் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. "தம்பி, சிங்களத்தில ஞாயிற்றுக்கிழமை பூட்டு எண்டு போட்டிருக்கிறியள். தமிழில அது இல்லை. தமிழ்ச் சனம் ஞாயிற்றுக்கிழமை வந்து கதவில முட்டிக்கொண்டு நிக்கிறதோ?" என்று கேட்பேன். மகளுக்கு மானம் போகும். "அம்மா, வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுப்பாள்.

அப்படிப்பட்ட நான்தான் என் சொந்த மனுசனுக்காக ஒட்டிய தாளில் அந்தக் கூத்தைச் செய்தேன். கடைக்காரனை ஏசலாம். என்னை நான் எங்கே போய் ஏசுவது?

இவர் புதுக்கடையில் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு சின்ன அறையில் முப்பது வருடத்துக்கு மேல் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, முறைப்பாடு என்று தமிழைச் சிங்களமாக்கிச் சிங்களத்தைத் தமிழாக்கி, அடியில் முத்திரை குத்திக் கையெழுத்து வைப்பார். அந்தக் கையெழுத்தை வைக்க முன்னர் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. முக்கியமான கடதாசி என்றால் வீட்டுக்குக் கொண்டுவருவார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துப்போட்டு, சிங்களத் தாளைத் தான் வைத்துக்கொண்டு தமிழ்த் தாளை என் முன்னால் வைப்பார். அவர் சிங்களத்தை வரிவரியாகப் பார்த்து அதன் கருத்தை வாயால் தமிழில் சொல்லிக்கொண்டு போவார். நான் தமிழ்த் தாளில் அந்த விசயம் இருக்கிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டே போக வேண்டும். விரல் வைக்க இடமில்லாமல் நின்றால் அங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பொருள். பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு மறுபக்கமும் ஒருமுறை பார்ப்போம்.

"விரல் நிக்குதோ?" என்று கேட்பார்.

"நிக்குது."

"அப்ப ஒப்பம் வைக்கேலாது."

எத்தனை நாள் நித்திரை தூங்கி விழ விழ அந்த விரலை நகர்த்தியிருக்கிறேன்! "உங்கட சத்தியத்துக்கு என்ரை விரலோ?" என்று புறுபுறுப்பேன். சிரிப்பார்.

அந்த மனுசனுக்குத்தான் மறதி வந்தது. முதலில் கதவுத் திறப்பை வைத்த இடம், பிறகு மனிதர்களின் பெயர்கள், பிறகு இது எந்த வீடு என்பது. வைத்தியர் நோயின் பெயரைச் சொன்னார். நான் அதை வீட்டுக்கு வெளியே சொல்லவில்லை. மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்கு மூன்று ஒழுங்கை தள்ளித்தான். தகப்பனுக்கு மறதி என்றால் "பரம்பரையோ?" என்று கேட்பார்கள். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த மாடியில் மருந்து சொல்வார்கள். ஆட்கள் வரும்போது இவருக்கு நல்ல சட்டை போட்டு, கையில் பேப்பரைக் கொடுத்து, "அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று சொல்லிச் சமாளித்தேன். மகளுக்கு அது பிடிக்கவேயில்லை. "அம்மா, நோயை ஒளிக்கலாம், ஆளை ஒளிக்கேலாது" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அது ஒரு திங்கட்கிழமை. நான் குளித்துவிட்டு வெளியே வர வாசற்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அவருடைய ஃபோன் சார்ஜில் இருந்தது. எங்கள் இலக்கத்தை எழுதி நான் சட்டைப்பையில் வைத்துத் தைத்திருந்த துண்டும் வீட்டிலேயே இருந்தது, ஏனென்றால் சட்டையை மாற்றிக்கொண்டு போயிருந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை. கந்தோருக்குப் போகிற உடுப்பு.

கடற்கரைப் பக்கம் ஓடினேன். ரெயில் பாதையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு ரெயில் வந்து போனது. அது போய் முடியும் வரை என் உயிர் என்னிடம் இல்லை. காலி வீதியில் பஸ் நிற்கிற இடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன், கோயிலில் கேட்டேன், சந்தையில் கேட்டேன். மகள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். பொலிஸில் முறைப்பாடு எழுதினோம். அவருக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பாடும் குளிசையும் இல்லாவிட்டால் தலைசுற்றி விழுந்துவிடுவார். எங்கே விழுவாரோ, யார் தூக்குவார்களோ!

பின்னேரம் மகள் சாப்பாட்டு மேசையில் லப்டொப்பை வைத்துக்கொண்டு தாள் செய்யத் தொடங்கினாள். "சிங்களத்தை நான் எழுதுறன். தமிழை நீங்கள் எழுதி ஃபோனுக்கு அனுப்புங்கோ, டக்கெண்டு" என்றாள்.

நான் எழுதினேன். காணவில்லை. வயது, உயரம், உடுப்பு. திங்கட்கிழமை காலை வெள்ளவத்தையிலுள்ள வீட்டிலிருந்து வெளியே சென்றவர் இதுவரை திரும்பவில்லை. கண்டவர்கள் தயவுசெய்து அறியத் தரவும். அவ்வளவுதான். மறதி என்ற சொல்லில் என் கட்டைவிரல் வந்து நின்றது உண்மை. நின்று யோசித்தது. இந்தத் தாளை அந்த வீட்டாரும்தானே வாசிப்பார்கள் என்று யோசித்தது. எழுதவில்லை.

மகள் சிங்களத்தில் எழுதியதை நான் பார்க்கவில்லை. நான் தமிழில் எழுதியதை அவள் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று பிறகொருநாள் கேட்டதற்குச் சொன்னாள், "நீங்கள் ஊரையே திருத்துற ஆள். உங்களை நான் திருத்துறதோ எண்டு விட்டன்" என்று. அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

இருந்த அவசரத்தில் அந்தத் தாளும் அலங்கோலமாகத்தான் வந்தது. நடுவில் படம். படத்துக்கு இடதுபக்கம் சிங்களம், வலதுபக்கம் தமிழ். படத்துக்குக் கீழே மீதி இடத்தில் சிங்களத்தில் மட்டும் மூன்று வரி, அதற்கும் கீழே ஃபோன் இலக்கம். தமிழ் வாசிக்கிறவர் வலதுபக்கத்தை வாசித்து முடித்தால் தாளின் விளிம்பில் போய் முட்டுவார். "அறியத் தரவும்" என்று இருக்கும். யாருக்கு, எப்படி என்று இருக்காது. இலக்கம் சிங்கள வரிகளின் காலடியில் கிடந்தது. இதையே வேறொருவர் ஒட்டியிருந்தால் நான் நடுவீதியில் வைத்துப் பேசியிருப்பேன்.

அன்று இருட்ட முன்னரே வெள்ளவத்தையில் ஒட்டி முடித்தோம். மகளின் சிநேகிதர்கள் கிருலப்பனையில் ஒட்டினார்கள். இவர் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை என்பதால் மகள் மறுநாள் காலையில் அங்கேயும் போய் ஒட்டிவிட்டு வந்தாள். அந்த இரவை நான் எழுதப் போவதில்லை. எழுத ஒன்றும் இல்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு அழைப்பு வந்தது. கொட்டாஞ்சேனையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் மனிதர். மிகவும் தன்மையாகப் பேசினார்.

"உம்மா, ஒங்கட வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து சேந்தாரா? அதத்தான் கேக்கலாம்னு எடுத்தேன்."

"எங்கை? எங்கை கண்டனீங்கள்?"

"காலைல கடைக்கு வந்தாரே! கடைக்கு முன்னுக்கு ஒட்டி ஈக்கிற படத்துல ஈக்கிற ஆளுன்னு எனக்கு வெளங்கிச்சு. கேட்டேன். 'ஓம், அது நான்தான், வீட்டுக்குச் சொல்லிப்போட்டன், இப்ப கந்தோருக்குப் போறன்' எண்டார். நல்ல மரியாதையாப் பேசினார். வீட்டுல ஏதோ கோவிச்சிட்டு வந்திட்டார் போலன்னு நெனச்சேன். தேத்தண்ணி குடுத்தேன். புதுக்கடைக்குப் போகணும்னார். நானே பஸ்ஸுல ஏத்தி விட்டேன்."

"ஐயோ, அவரை ஏன் விட்டனீங்கள்?" என்று கத்திவிட்டேன். "அவருக்கு ஞாபகம் இல்லை! போட்டிருக்குத்தானே!"

அந்தப் பக்கம் கடைக்குள் கோப்பைகள் தட்டுப்படுகிற சத்தம் கேட்டது.

"இல்லியே உம்மா" என்றார். "தமிழ்ல அப்பிடி ஒண்டும் போட்டு இல்லியே. நான் திரும்பவும் வாசிச்சேன். நம்பரும் எங்க ஈக்கிண்டு தேடித்தான் எடுத்தேன். பக்கத்துக் கடைச் சிங்கள ஆள்தான் இப்ப வந்து சொன்னார், அவருக்கு மறதி வருத்தம், விட வாணாம்னு கீழ எழுதி ஈக்கின்னு. அதுக்குப் பொறகுதான் எனக்கு நெஞ்சு பதறிச்சு."

சிங்களம் வாசித்தவருக்கு உண்மை தெரிந்திருந்தது. தமிழ் வாசித்தவருக்குத் தெரியவில்லை. என் மனுசன் போய் நின்றது தமிழ் வாசித்தவருக்கு முன்னால். பெற்றோல் ஊற்றி எரித்தாலும் தகும் என்று நினைத்தேன், அந்தத் தாளை அல்ல, என்னை.

மகள் அப்போதே புதுக்கடைக்கு ஓடினாள். அழைப்பு வந்ததைச் சொல்ல, என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். என்னை ஒரு பார்வை பார்த்தாள், செருப்பை மாட்டினாள், போய்விட்டாள். போகும்போது, "தாளை மாத்துங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு போட்டோகொப்பிக் கடை இருக்கிறது. கல்யாண அட்டை, டியூஷன் வகுப்பு விளம்பரம், மரண அறிவித்தல் எல்லாம் கொம்பியூட்டரில் அடித்துக்கொடுப்பார்கள். அடிக்கிறவள் ஒரு சிங்களப் பெண். தமிழ் எழுத்தைச் சரளமாக அடிப்பாள், ஆனால் அரைவாசி விளங்காது. நான் அவளோடு சிங்களத்தில்தான் பேசுவேன், அவள் என்னோடு தமிழில்தான் பேசுவாள். அன்றைக்கும் அப்படித்தான். நான் அழுதபடி பழைய தாளை மேசையில் போட்டேன்.

"அனே ஆன்டி, அழ வேணாம். என்ன மாத்த வேணும், சொல்லுங்க" என்றாள்.

என்ன மாற்ற வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. தலை வேலை செய்யவில்லை. கை மட்டும் பழக்கத்தில் போய்த் தமிழ்ப் பக்கத்தில் விரலை வைத்தது. "தங்கச்சி, நீ சிங்களத்தை வாசி" என்றேன். "ஒவ்வொரு வரியா வாசி. நான் தமிழில விரல் வைச்சுக்கொண்டு வாறன்."

வாசித்தாள். காணவில்லை. விரல் வைத்தேன். வயது, உயரம். வைத்தேன். உடுப்பு. வைத்தேன். வீட்டைவிட்டுப் போன நாள், நேரம். வைத்தேன். பிறகு படத்துக்குக் கீழே வந்தாள். இவருக்கு மறதி நோய் இருக்கிறது.

விரல் நின்றது.

கேட்டால் வீட்டுக்கோ வேலைக்கோ போவதாகச் சொல்வார், நம்ப வேண்டாம். விரல் அதே இடத்தில் நின்றது. போக விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு இந்த இலக்கத்துக்கு அழையுங்கள். விரலுக்குக் கீழே தாளின் வெள்ளைதான் இருந்தது.

"ஆன்டி, தமிழ்ல இது எங்க?" என்றாள். குற்றமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறியத்தான் கேட்டாள்.

"இல்லை. நான் எழுதேல்லை. அவருக்கு மறதி. வெக்கத்தில எழுதேல்லை" என்றேன். மறதி என்ற அந்த ஒரு சொல்லை மூன்று வருடமாக என் கூடப்பிறந்தவர்களிடம்கூட நான் சொன்னதில்லை. முன்பின் நெருக்கமில்லாத ஒரு பிள்ளையிடம், போட்டோகொப்பி மெசினுக்குப் பக்கத்தில், ஐந்தாறு பேர் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போது சொன்னேன். அவள் கதிரையை எனக்குத் தள்ளிவிட்டுத் தான் நின்றுகொண்டு அடிக்கத் தொடங்கினாள்.

முதலில் இரண்டு பக்கமாகத்தான் பிரித்தாள், இடது சிங்களம், வலது தமிழ், நடுவில் கோடு. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். நேற்று லைட் கம்பத்தில் நானே ஒட்டிப் பார்த்தவள். தாள் கம்பத்தைச் சுற்றி வளையும். முன்னால் நிற்கிறவருக்கு நடுப்பகுதிதான் தெரியும், இரண்டு பக்கத்து வரிகளும் பாதியோடு பின்னுக்குப் போய்விடும். அதோடு ஒடுங்கின பத்தியில் தமிழ்ச் சொற்கள் உடைந்து உடைந்து விழும்.

"அப்ப மேல ஒண்டு, கீழ ஒண்டு" என்றாள்.

"ஓம். முழுசா மேல ஒண்டு, முழுசா கீழ ஒண்டு. ஒண்டுக்குள்ள ஒண்டு வரக்கூடாது."

எது மேலே என்று சண்டை பிடிக்க எனக்கு அன்று மூச்சில்லை. வேறு நாளாக இருந்தால் பிடித்திருப்பேன். சிங்களம் மேலே இருக்கட்டும், ஆனால் தமிழ் எழுத்து ஒரு நூல்கூடச் சின்னதாக வரக்கூடாது என்றேன். அவள் உதட்டைக் கடித்தாள். தமிழ் நீளமாக வந்தது, இடம் போதவில்லை. "கொஞ்சம் சின்னதாக்கினா சரி ஆன்டி, எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறது" என்றாள்.

"சின்னதாக்கினா தூர நிண்டு வாசிக்கிறவனுக்கு அது இல்லாத மாதிரித்தான். சொல்லைக் குறைப்பம்."

குறைத்தோம். வயது, உயரம், உடுப்பு எல்லாம் போனது, ஆளைக் காட்டப் படம் போதும். எப்போது வெளியே போனார் என்பது போனது. "தயவுசெய்து", "அறியத் தரவும்" என்ற மரியாதை எல்லாம் போனது. ஒன்றைத் தமிழில் வெட்டினால் அதையே சிங்களத்திலும் வெட்டச் சொன்னேன். கடைசியில் இரண்டு கட்டத்திலும் நாலே நாலு விசயம், ஒரே ஒழுங்கில். இவரைக் காணவில்லை. இவருக்கு மறதி நோய். கேட்டால் வீட்டுக்கு அல்லது கந்தோருக்குப் போகிறேன் என்பார், போக விட வேண்டாம். இருத்தி வைத்து உடனே அழையுங்கள். அதன் அடியில் பெரிதாக இலக்கம். படம் எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு மொழிக்கும் பொதுவாக.

அவள் இலக்கத்தை ஒருமுறை மட்டும் நடுவில் போடலாம் என்றாள், இடம் மிச்சம் என்று. "வேண்டாம் பிள்ளை" என்றேன். "வாசிச்சு முடிக்கிற இடத்தில இருக்கோணும். ஒவ்வொருத்தருக்கும் தான் முடிக்கிற இடத்தில." நடுவில் அவள் இலக்கம் போட நினைத்த இடத்தில் தடித்த கறுப்புக் கோடு ஒன்று வந்தது. மேலே வாசிக்கிறவன் கோட்டோடு நிற்பான், கீழே வாசிக்கிறவன் கோட்டிலிருந்து தொடங்குவான்.

அச்சடிக்க விடவில்லை. திரும்பவும் விரல். அவள் வாசிக்க நான் தமிழில் வைத்தேன். நாலும் சரி. பிறகு மாற்றினோம். நான் தமிழை வாசித்துச் சிங்களத்தில் சொல்ல அவள் தன் விரலைச் சிங்களத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். நகத்தில் சிவப்புப் பூச்சு. கடைசி வரியில் அவளுடைய விரல் நின்றது.

"ஆன்டி, தமிழ்ல இருத்தி வைங்க எண்டு சொல்றீங்க. சிங்களத்துல பிடிச்சு வைங்க எண்டு இருக்கு. கள்ளனைப் பிடிக்கிற மாதிரி." கொஞ்சம் தயங்கினாள். "யாரும் கையை முறுக்கிப் பிடிச்சா? ஐயா பயந்து ஓடுவார். ரோட்டுல ஓடினா?"

மகள் பதற்றத்தில் எழுதியது அது. எங்கள் தமிழில் மறைந்தது ஒன்று என்றால் சிங்களத்தில் கூடிப்போனது ஒன்று. அவளே அதை மாற்றினாள். அன்பாகப் பேசி உட்கார வையுங்கள் என்று சிங்களத்தில் வைத்தாள், நான் தமிழிலும் அந்த "அன்பாகப் பேசி"யைச் சேர்த்தேன். மறுபடி இரண்டு பக்கமும் விரல். நிற்கவில்லை. "ஹரி, சரி ஆன்டி" என்றாள். அச்சடித்தோம்.

அடித்த முதல் தாளை நான் எங்கே ஒட்டினேன் தெரியுமா? மாப்பிள்ளை வீட்டார் இருக்கிற ஒழுங்கை முகப்பில். வேண்டுமென்றே இல்லை, அது கடையிலிருந்து கிட்ட. ஆனால் நாலு மூலையையும் அழுத்தித்தான் ஒட்டினேன். அந்தச் சம்பந்தம் பிறகு பேசப்படவில்லை. "நல்லதாப் போச்சு" என்று மகள் சொன்னாள். அந்தக் கதை அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் மழை. மகள் புதுக்கடையில் நீதிமன்றம் விட்டுச் சனம் கலைந்து போகும் மட்டும் தேடினாள். இவருடைய பழைய அறையில் இப்போது ஒரு சட்டத்தரணியின் எழுதுவினைஞர் இருக்கிறார். அப்படி ஒருவரும் வரவில்லை என்றார். நான் புதிய தாளைக் கொண்டு போய்க் கொடுக்க, இரண்டு பேரும் நனைந்து நனைந்து ஒட்டினோம். ஒரு நாளுக்கு மேல் குளிசை இல்லை. மழையில் எங்கே ஒதுங்கியிருக்கிறாரோ! "கடவுளே, ஒரு வரிக்காக இவ்வளவு தண்டனையோ?" என்று சத்தமாகவே கேட்டேன். மகள் அப்போதுதான் முதல்முறையாக என் தோளில் கை போட்டாள். "போதும் அம்மா" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை முழுதாக வந்தது.

புதன்கிழமை பதினொரு மணியிருக்கும். ஃபோன் அடித்தது. சிங்களத்தில் ஒரு ஆண் குரல். புதுக்கடையில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக் காசாளர். பின்னாலிருந்து ஒரு பெண் தமிழில் கத்திக்கொண்டிருந்தாள், மலையகத்துப் பேச்சு.

"அம்மா, ஐயா இங்க இருக்காருங்க! ஒக்காத்தி வச்சிருக்கோம்! சீக்கிரம் வாங்கம்மா!"

காசாளர் சொன்னதை நான் இங்கே தமிழில் தருகிறேன். "ஐயா போகிறேன் போகிறேன் என்றுதான் சொல்கிறார். கந்தோருக்கு நேரமாகிறதாம். உங்கள் தாளில் அப்படிச் சொல்வார் என்றுதான் இருக்கிறது. நான் வாசித்துவிட்டுப் பின்னால் கோப்பை கழுவுகிற அக்காவிடம் கேட்டேன், தமிழிலும் இப்படித்தான் போட்டிருக்கிறதா என்று. அவள் ஓம் என்றாள். அதனால் விடவில்லை."

போய்ச் சேர்ந்தபோது இவர் மூலை மேசையில் இருந்தார். சட்டை சேறு, ஒரு காலில் செருப்பில்லை, கன்னம் உள்ளே போயிருந்தது. அந்த இரண்டு இரவும் எங்கே கிடந்தார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்த மலையகத்துப் பெண் ஈரக் கையோடு அவருக்குப் பக்கத்திலேயே நின்றாள். பாணும் பருப்பும் கொடுத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் இவர் எழும்பவில்லை.

"இஞ்சேரும், நல்ல காலம் வந்தீர்" என்றார். "இந்தச் சனம் என்னைப் போக விடுதில்லை. ஏனெண்டு கேட்டுச் சொல்லும்."

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மேசையில் ஒட்டாமல் மிஞ்சிய தாள் ஒன்று கிடந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. குசினியிலிருந்து வரும்போது இவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பறித்துவிடலாம் என்று போனேன்.

"இரும்" என்றார், பழைய கந்தோர்க் குரலில். "தமிழில விரலை வையும்."

வைத்தேன். வேறு என்ன செய்வது? அவர் சிங்களத்தைப் பார்த்து, முன்பு போலவே, கருத்தைத் தமிழில் சொல்லத் தொடங்கினார். சொந்த மகளின் பெயர் வராத வாயில் அது தடக்கமில்லாமல் வந்தது. இவரைக் காணவில்லை. விரல் வைத்தேன். இவருக்கு மறதி நோய். வைத்தேன். கேட்டால் வீட்டுக்கு அல்லது கந்தோருக்குப் போகிறேன் என்பார், போக விட வேண்டாம். எழுத்து எனக்குக் கலங்கித் தெரிந்தது, ஆனால் இடம் தெரியும், வைத்தேன். அன்பாகப் பேசி உட்கார வைத்து உடனே அழையுங்கள். வைத்தேன்.

"விரல் நிக்குதோ?"

"இல்லை."

"அப்ப சரி. ஒப்பம் வைக்கலாம்." பேனையைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார். பிறகு மேலே இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"பாவம், ஆரோ வீட்டுக்காரர் நல்லாத் தேடியிருக்கினம்" என்றார். "ஆளைக் கண்டுபிடிச்சிட்டினமோ?"

"ஓம்" என்றேன். "இருத்தி வைச்சிருக்கிறம்."